வருஷக் கட்டத்தில் ஏழில் சனி: கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?

ஐயா, என் மகள் 24.3.1998 பகல் 1.50க்கு டர்பனில் பிறந்தவள். மகர ராசி, திருவோணம். தை மாதம் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை மொரிஷியஸ்காரர். ஆகஸ்ட் 30 ஞாயிற்றுக்கிழமைக்கு டர்பனில் மண்டபம் பேசி வைத்திருக்கிறோம். என் அண்ணன் மகன் கம்ப்யூட்டரில் இந்த வருஷத்துக்கான வருஷபலன் எடுத்துக் கொடுத்தான். ஏழாம் இடத்தில் சனி உட்கார்ந்திருக்கிறது. பார்த்த ஒருவர், அடுத்த பிறந்தநாள் போகட்டும், அப்புறம் கல்யாணம் வையுங்கள் என்கிறார். இன்னொருவர், மார்ச் 24 அன்று பெண் மொரிஷியஸில் இருந்தால் சனி ஆறாம் இடத்துக்குப் போய்விடும், டிக்கெட் எடுங்கள் என்கிறார். எதைக் கேட்பது? பழைய ஜாதகத்தையும் புதுத் தாளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அம்மா, கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். டிக்கெட்டும் எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், நீங்கள் அனுப்பிய புதுத் தாளில் ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் பலன் பேசக்கூடாது.

பழைய கையெழுத்து ஜாதகத்தில் ஜன்ம லக்னம் மிதுனம். புதுத் தாளில் கடகம். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஊர், லக்னம் மட்டும் எப்படி மாறும்? தாளின் தலைப்பு வரியைப் பாருங்கள். டர்பனின் அட்சரேகை 29 பாகை 51 கலை என்று சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ‘வடக்கு’ என்று அச்சாகியிருக்கிறது. நாம் தெற்கே இருக்கிறோம். இந்தியாவில் உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்த மென்பொருள்களில் வடக்கு என்பது தானாக விழுந்துவிடும், மாற்ற மறந்துவிடுவார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ராசிகள் உதிக்கும் வேகம் தலைகீழ். இந்தியாவில் சீக்கிரமாக உதித்து முடிகிற மீனமும் மேஷமும் இங்கே மெதுவாக உதிக்கும். அங்கே நிதானமாக ஏறுகிற கன்னியும் துலாமும் இங்கே ஓடிவிடும். உங்கள் மகள் பிறந்த நேரத்துக்கு நான் போட்டுப் பார்த்தேன். தெற்கு என்று கொடுத்தால் மிதுனம் 21 பாகை, வடக்கு என்று கொடுத்தால் கடகம் 15 பாகை. ஆகவே அந்தக் காலத்தில் கையால் எழுதிய பெரியவர்தான் சரி. அண்ணன் மகனைத் தெற்கு என்று மாற்றி இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். கிரீன்விச்சிலிருந்து நேர வித்தியாசம் இரண்டு மணி என்பது சரியாகவே இருக்கிறது.

இனி வருஷபலனுக்கு வருவோம். பிறந்தபோது சூரியன் எந்த ராசியில் எந்தப் பாகை, கலையில் நின்றதோ, அதே இடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் திரும்பி வரும் கணத்துக்குப் போடுகிற கட்டம்தான் வருஷப் பிரவேச சக்கரம். உங்கள் மகளுக்குச் சூரியன் மீனத்தில் 9 பாகை 48 கலை. இந்த முறை சூரியன் அங்கே வருவது மார்ச் 24 மாலை சுமார் 6.10க்கு. பிறந்த நேரத்துக்கும் இதற்கும் ஏறத்தாழ நாலேகால் மணி வித்தியாசம் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நட்சத்திரக் கணக்கில் ஒரு வருஷம் என்பது 365 நாளும் 6 மணி 9 நிமிடமும். அதனால் பிரவேச நேரம் வருஷத்துக்கு ஆறு மணிக்குச் சற்று மேல் தள்ளிப்போகும், லீப் வருஷம் வந்து ஒரு நாளைப் பின்னுக்கு இழுக்கும். வருஷ லக்னமும் இப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் சுமார் மூன்று ராசி தாண்டிப் போகிறது.

இதில் கலையை மட்டும் வைத்துக்கொண்டு விகலையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சூரியன் ஒரு கலை நகர 24 நிமிடம் பிடிக்கிறது. அதற்குள் லக்னம் ஐந்தாறு பாகை ஓடிவிடும். எனவே கைக்கணக்கில் கலை வரை எழுதிய சூரியனை வைத்து வருஷ லக்னம் சொல்வது ஆபத்து. இதற்குக் கம்ப்யூட்டர்தான் நல்லது, ஊரைச் சரியாகக் கொடுத்தால்.

மேற்கத்திய முறைக்காரர்களிடம் போனால் வேறு கட்டம் கொடுப்பார்கள். அவர்கள் சூரியனை அயனத்தை வைத்து அளக்கிறார்கள். அந்த வருஷம் நம்முடையதைவிட சுமார் 20 நிமிடம் குறைவு. 28 வருஷத்தில் அது ஒன்பதரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அவர்கள் கணக்கில் உங்கள் மகளின் வருஷம் அன்று காலை 8.40 வாக்கில் ரிஷப லக்னத்தில் பிறக்கும், சனி பன்னிரண்டில் விழும். இரண்டு முறையிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதில் பாதி அதில் பாதி என்று எடுத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் வருஷபலனுக்கென்றே உள்ள தாஜிக முறையில் பார்க்கிறவன், அதிலேயே சொல்கிறேன்.

மாலை 6.10க்கு டர்பனில் வருஷ லக்னம் கன்னி. ஏழாம் இடமான மீனத்தில் சூரியன், சனி, சுக்கிரன் மூவரும் இருக்கிறார்கள். உங்களிடம் பேசிய இருவரும் சனியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் உச்சச் சுக்கிரன் 28 பாகையில் நிற்பதை ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பயமுறுத்துகிற கிரகம் முதலில் கண்ணில் படுகிறது போலும்.

நான் பார்க்கும் வரிசை இதுதான். முதலில் ஜன்ம ஜாதகம். அதில் கல்யாணம் இல்லாமல் வருஷக் கட்டம் எதையும் புதிதாகக் கொண்டுவராது. உங்கள் மகளுக்கு மிதுன லக்னம், ஏழாம் அதிபதி குரு, அவர் கும்பத்தில் ஒன்பதாம் இடத்தில். இப்போது ராகு தசை முடிந்து குரு தசை பிறக்கிற கட்டம். ஏழாம் அதிபதியின் தசை வருகிறபோது கல்யாணப் பேச்சு கூடி வந்திருக்கிறது, இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஏழரையும் போன வருஷமே விட்டுவிட்டது. ஜாதகத்தில் வாக்கு இருக்கிறது, தசையும் ஒத்துழைக்கிறது. இது ஆன பிறகுதான் வருஷக் கட்டத்தைத் திறக்க வேண்டும்.

அடுத்து முந்தா. ஜன்ம லக்னத்தில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு ராசி நகரும் புள்ளி அது. 28 வயது முடிகிறது. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கழித்தால் மீதி நாலு. மிதுனத்திலிருந்து நாலு ராசி தள்ளினால் துலாம். புதுத் தாளில் விருச்சிகம் என்று இருப்பது அந்த வடக்குக் கோளாறினால் வந்தது. துலாம் வருஷ லக்னத்துக்கு இரண்டாம் இடம், குடும்ப ஸ்தானம். முந்தா நாலு, ஆறு, ஏழு, எட்டு, பன்னிரண்டில் விழுந்தால் நல்லதல்ல என்பார்கள். இரண்டு அந்தப் பட்டியலில் இல்லை. முந்தா நாதன் சுக்கிரன், அவர் உச்சம்.

அப்புறம் வருஷாதிபதி. இதற்கு ஐந்து பேர் போட்டியிடுவார்கள்: முந்தா நாதன், ஜன்ம லக்னாதிபதி, வருஷ லக்னாதிபதி, பகலா இரவா என்பதைப் பொறுத்துச் சூரியன் அல்லது சந்திரன் நின்ற ராசியின் அதிபதி, கடைசியாகத் திரிராசி அதிபதி. இவர்களில் பலத்தோடு வருஷ லக்னத்தைப் பார்ப்பவரே அந்த வருஷத்தின் தலைவர். உங்கள் மகளுக்கு இரண்டு லக்னங்களுக்கும் அதிபதி புதன். ஆனால் அவர் கும்பத்தில், லக்னத்துக்கு ஆறில் இருப்பதால் லக்னத்தைப் பார்க்கவில்லை. மற்ற மூன்று இடமும் சுக்கிரனுக்கே வருகிறது. சந்திரன் ரிஷபத்தில் நிற்பதால் இரவு அதிபதி சுக்கிரன், கன்னிக்கு இரவில் திரிராசி அதிபதியும் சுக்கிரன். உச்சம் பெற்று, ஏழில் நின்று, லக்னத்தை நேராகப் பார்க்கிற சுக்கிரன் வருஷாதிபதி. கல்யாண வருஷத்துக்கு இதைவிட என்ன கேட்பீர்கள்?

இங்கே ஒரு சிறு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 24 அன்று டர்பனில் சூரியன் மறைவது ஆறு மணியைத் தாண்டி ஓரிரு நிமிடத்தில். வருஷம் பிறப்பது 6.10க்கு. இரவுக் கணக்கு என்று நான் எடுத்தது இந்த ஏழெட்டு நிமிட வித்தியாசத்தில்தான். நீங்கள் கொடுத்த பிறந்த நேரமோ 1.50. பிரசவ அறையில் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒட்டி எழுதுவது வழக்கம். அது உண்மையில் 1.40 ஆக இருந்தால் வருஷமும் பத்து நிமிடம் முன்னால் பிறக்கும், பகல் கணக்காகிவிடும். அப்போது அந்த இரண்டு இடங்கள் குருவுக்கும் சந்திரனுக்கும் போகும். அதனால் பலன் மாறுமா என்று போட்டுப் பார்த்தேன். குரு பகை வீட்டில் இருக்கிறார், சந்திரனைச் சாதாரணமாக வருஷாதிபதி ஆக்குவதில்லை. முந்தா நாதன் என்ற முறையில் சுக்கிரன் அப்போதும் முன்னால் நிற்கிறார். விவாக சகம் என்று ஒரு புள்ளி இருக்கிறது, அதையும் பலர் கேட்பார்கள். அது இந்தக் கட்டத்தில் துலாமுக்கும் விருச்சிகத்துக்கும் எல்லையில் விழுகிறது, சில நிமிடத்தில் ராசியே மாறும். இப்படிப்பட்ட புள்ளியை வைத்து நான் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது சனிக்கு வருகிறேன். ஒரு பாபக் கிரகம் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது பாதிச் செய்திதான். கல்யாணத்தை நடத்துகிற கிரகங்களை அது தொடுகிறதா என்பதே கேள்வி. தாஜிகத்தில் இதைப் பாகைக் கணக்கில் பார்க்கலாம், அதுதான் இந்த முறையின் அழகு. ஒவ்வொரு கிரகத்துக்கும் தீப்தாம்சம் என்று ஒளி எட்டும் தூரம் உண்டு: குருவுக்கும் சனிக்கும் 9 பாகை, புதனுக்கும் சுக்கிரனுக்கும் 7. இரண்டு கிரகங்களின் தூரத்தைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். வேகமான கிரகம் குறைந்த பாகையில் இருந்து, மெதுவான கிரகத்தை நோக்கி அந்த எல்லைக்குள் நெருங்கிக்கொண்டிருந்தால் அது இத்தசாலம், காரியம் கூடும். தாண்டிப் போய்விட்டால் இசராபம். அந்தத் தொடர்பு பழைய கதை.

கல்யாணத்துக்கு லக்னாதிபதியும் ஏழாம் அதிபதியும் சேர வேண்டும். இங்கே லக்னாதிபதி புதன் கும்பத்தில் சுமார் 15 பாகை. ஏழாம் அதிபதி குரு மிதுனத்தில் 21. கும்பத்துக்கு மிதுனம் ஐந்தாம் ராசி, நட்புப் பார்வை. ஏழும் ஒன்பதும் சேர்ந்து பாதி எட்டு, இடைவெளி ஆறுதான். வேகமான புதன் பின்னால் இருந்து நெருங்குகிறார். மார்ச் 20 வாக்கில்தான் வக்கிரம் விட்டு நேராக நடக்கத் தொடங்குகிறார், அதையும் கவனியுங்கள். நிச்சயதார்த்தம் வரை வந்து தயங்கி நின்ற பேச்சு ஏதாவது இருந்தால் அது இந்த வருஷத்தில் முன்னுக்கு நகரும். ஏழாம் அதிபதி குரு உட்கார்ந்திருப்பது உங்கள் மகளின் ஜன்ம லக்னத்தின் மேலேயே.

சனி மீனத்தில் 10 பாகை. சுக்கிரன் 28இல், அவரைவிட 18 பாகை முன்னால், தாண்டிப் போனவர். குருவும் 21இல், 11 பாகை முன்னால். இவர்களுக்குள் எல்லை 9, அதுவும் கடந்தது. புதனுக்கும் சனிக்கும் அடுத்தடுத்த ராசி, தாஜிகத்தில் அடுத்தடுத்த ராசிக்குப் பார்வையே இல்லை. சனி தொடுகிற ஒரே கிரகம் சூரியன். ஒரு பாகைக்குள் நெருங்கி, அஸ்தங்கம் ஆகிக் கிடக்கிறார். எல்லாரையும் விட்டுவிட்டுச் சூரியனோடு மட்டும் மல்லுக்கட்டுகிற சனி கல்யாணத்தை நிறுத்தாது.

அப்படியானால் அதற்குப் பலனே இல்லையா? இருக்கிறது. சூரியன் இந்தக் கட்டத்தில் பன்னிரண்டாம் அதிபதி, ஏழில் இருக்கிறார். துணைவர் வழியாகக் கடல் கடந்து போவதும் அதற்கான செலவும் அது. மாப்பிள்ளை மொரிஷியஸ்காரர் என்பது கட்டத்திலேயே தெரிகிறது. அதோடு சனி சேர்வதால் அந்தப் பக்கத்துக் காரியங்கள் இழுக்கும். குடியிருப்பு அனுமதி, கல்யாணப் பதிவு, இங்குள்ள சான்றிதழ்களை அங்கே ஒப்புக்கொள்ள வைப்பது, இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காமல் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். புதன் ஆறில் செவ்வாயோடும் ராகுவோடும் இருக்கிறார். செலவை யார் ஏற்பது, எழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் வார்த்தை தடிக்கும். பேசுவதை மகளை விட்டுப் பேசச் சொல்லாமல் பெரியவர்கள் பேசுங்கள். இவ்வளவுதான் அந்தச் சனியின் வேலை.

மொரிஷியஸ் பயணத்தைப் பற்றிச் சொன்னவர் சும்மா சொல்லவில்லை. வருஷம் பிறக்கும் கணத்தில் ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த ஊருக்கு லக்னம் போடும் வழக்கம் உண்டு. மேற்கத்தியரிடம் அது அதிகம், நம்மவர்களிலும் சிலர் செய்கிறார்கள். பிறந்த ஊரையே வைக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் நிரந்தரமாக வசிக்கும் ஊரை எடுப்பேன், நாலு நாள் போய் வருவதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் அவர் வழியிலேயே போய்ப் பார்ப்போம். நமக்கு மாலை 6.10 என்றால் போர்ட் லூயிஸில் இரவு 8.10. அங்கே லக்னம் துலாம். சனி ஆறுக்குப் போய்விடும், உண்மை. கூடவே உச்சச் சுக்கிரனும் ஆறுக்குப் போகிறார்! துலாத்துக்கு அவரே லக்னாதிபதி, ஆறில் மறைந்து லக்னத்தைப் பார்க்காமல் போவார். ஏழாம் அதிபதி செவ்வாய் கும்பத்தில், சுக்கிரன் மீனத்தில், அடுத்தடுத்த ராசி, பார்வை இல்லை, இத்தசாலமும் இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. மகள் பிறந்தநாளை உங்களோடு வீட்டிலேயே கொண்டாடட்டும்.

தள்ளிப்போடச் சொன்னவருக்கும் இதே பதில். அடுத்த வருஷம் 2027 மார்ச் 25, நள்ளிரவு தாண்டி வருஷம் பிறக்கிறது. டர்பனில் லக்னம் தனுசு. முந்தா விருச்சிகத்துக்கு நகர்ந்திருக்கும், அது தனுசுக்குப் பன்னிரண்டு. இந்த வருஷத்தில் குடும்ப ஸ்தானத்தில் இருப்பதை விட்டுவிட்டு விரய ஸ்தானத்துக்குக் காத்திருப்பதா?

தேதியில் மட்டும் எனக்கு ஒரு யோசனை. வருஷாதிபதி சுக்கிரன் ஆகஸ்ட் கடைசியில் கன்னியில் நீசமாக இருக்கிறார், அதுவும் ஆகஸ்ட் 30 அன்று நீச பாகையை ஒட்டியே நிற்கிறார். தேய்பிறையும் கூட. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் சொந்த வீடான துலாத்துக்கு வந்துவிடுகிறார், உங்கள் மகளின் முந்தா இருக்கிற அதே ராசிக்கு. செப்டம்பர் 11 அமாவாசை, 14 விநாயகர் சதுர்த்தி. நடுவில் 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை, ஆவணி இன்னும் முடியவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் நம்மூரில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள், விருந்தும் எடுபடாது. மண்டபக்காரரிடம் அந்த ஞாயிறு காலியா என்று கேட்டுப் பாருங்கள். முகூர்த்த லக்னமும் நட்சத்திரமும் உங்கள் கோயில் குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அது வருஷபலனில் அடங்காத வேலை. மண்டபம் கிடைக்கவில்லை, முன்பணமும் போய்விடும் என்றால் ஆகஸ்ட் 30லேயே நடத்துங்கள். ஜாதகமும் வருஷமும் நன்றாக இருக்கும்போது, ஒரு நாளின் குறையை நல்ல முகூர்த்த லக்னத்தால் ஈடு செய்யலாம்.

மாப்பிள்ளையின் பிறந்த நாள், நேரம், ஊர் இருந்தால் அவருடைய வருஷக் கட்டத்தையும் பார்த்துவிடுவது நல்லது. அண்ணன் மகன் அதை எடுக்கும்போது நேர வித்தியாசத்தை நாலு மணி என்று மாற்ற வேண்டும், இங்குள்ள இரண்டு மணியை அப்படியே விட்டுவிடக் கூடாது. அங்கேயும் அட்சரேகை தெற்குதான்.